வெளியேற்ற வழக்கு: அறிவிப்பு வந்த பின்

“சாட்ஸ்வர்த்தில் வாடகைக்கு இருக்கிறோம். இரண்டு மாத பாக்கிக்காக வழக்கறிஞர் கடிதம் வந்திருக்கிறது. மாத இறுதியில் காலி செய்தே ஆக வேண்டுமா?”

கட்டாயமில்லை, தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற உத்தரவின்றி யாரையும் குடியிருக்கும் வீட்டிலிருந்து வெளியேற்ற அரசியலமைப்பின் 26ஆம் பிரிவு அனுமதிப்பதில்லை. வாடகைத் தீர்ப்பாயத்துக்கும் அந்த அதிகாரம் கிடையாது. ஆனால் உரிமையாளர் பூட்டை மாற்றினாலோ மின்சாரத்தைத் துண்டித்தாலோ அங்கே முறையிடலாம். ஒப்பந்தம் முறையாக முடிக்கப்பட்ட பிறகே, சட்டவிரோத வெளியேற்றத்தைத் தடுக்கும் 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உரிமையாளர் வழக்குத் தொடர முடியும். விசாரணைக்குக் குறைந்தது 14 நாள் முன்பாக நீதிமன்ற அறிவிப்பு உங்களுக்கும் நகராட்சிக்கும் சேர்ந்திருக்க வேண்டும்.

அது கிடைத்தவுடன், வழக்கை எதிர்ப்பதாக எழுத்தில் தெரிவித்துவிட்டு, செலுத்திய வாடகைக்கான ரசீதுகளோடு, வீட்டிலுள்ள முதியோர், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள் பற்றியும், போவதற்கு வேறு இடம் இல்லையென்றால் அதையும் பிரமாணப் பத்திரத்தில் விவரமாகச் சொல்லுங்கள். பாக்கித் தொகையைப் பற்றி மட்டுமே வாதாடுவது, என் பார்வையில், போதாது. வெளியேற்றுவது நியாயமா, எந்தத் தேதிக்குள் என்பதை நீதிபதி இந்தக் குடும்ப நிலைமையையும் எடைபோட்டே முடிவு செய்கிறார்.