வார்டனுக்குப் போன் போட்டால் போதாது, பிரின்சிபாலிடம் எழுதிக் கொடுங்கள்

முதலாம் ஆண்டு வகுப்புகள் தொடங்கினால் எனக்கு வரும் அழைப்புகளின் தன்மை மாறிவிடும். கடலூரில் வக்கீலாக இருப்பதால் நிலத்தகராறு, செக் மோசடி என்று போய்க்கொண்டிருக்கும் நாட்களுக்கு நடுவே ஒரு அப்பாவோ சித்தப்பாவோ தயங்கித் தயங்கிப் பேசுவார். "சார், பையனைக் காலேஜ்ல சீனியருங்க ரொம்ப படுத்துறானுங்களாம். வார்டன்கிட்ட சொல்லிட்டோம். இது கேஸ் ஆகுமா?"

ஆகும். நம் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியிருப்பதே வருத்தம்தான். 1996 நவம்பரில் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்ட பிறகுதான் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டமே வந்தது. அந்தக் கொலை வழக்கின் விசாரணை நடந்தது இதே கடலூர் நீதிமன்றத்தில். 1998-இல் ஆயுள் தண்டனை, 2001-இல் உயர் நீதிமன்றத்தில் விடுதலை, 2011-இல் உச்ச நீதிமன்றத்தில் மறுபடி தண்டனை உறுதி என்று பதினைந்து ஆண்டுகள் இழுத்தது. அந்த வழக்கு நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும், அதிலிருந்து பிறந்த 1997-ஆம் ஆண்டுச் சட்டத்தில் என்ன இருக்கிறது என்பது மட்டும் தெரியாது.

சின்னச் சட்டம்தான், சில பக்கங்கள். ஒரு மாணவருக்கு உடலிலோ மனதிலோ தீங்கு, பயம், வெட்கம், கூச்சம் உண்டாக்கும் எதுவும் ராகிங். சாதாரணமாக அவர் விரும்பிச் செய்யமாட்டாத ஒன்றைச் செய்யச் சொன்னாலே போதும். அடிபட்டிருக்க வேண்டும், ரத்தம் வந்திருக்க வேண்டும் என்றெல்லாம் இல்லை. தண்டனை இரண்டு ஆண்டு வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். தண்டனை பெற்றவரைக் கல்லூரியிலிருந்து நீக்க வேண்டும், வேறு எந்தக் கல்வி நிறுவனத்திலும் சேர்க்கக் கூடாது.

ஆனால் நான் எல்லோரிடமும் வற்புறுத்துவது 6, 7 ஆகிய இரண்டு பிரிவுகளைத்தான். புகார் வந்தால் கல்லூரித் தலைவர் உடனே விசாரிக்க வேண்டும், உண்மை என்று தெரிந்தால் ராகிங் செய்த மாணவரை சஸ்பெண்ட் செய்ய வேண்டும் என்கிறது 6. அப்படிச் செய்யத் தவறினால் அவரே ராகிங்குக்கு உடந்தையாக இருந்ததாகக் கருதப்படுவார், அவருக்கும் அதே தண்டனை என்கிறது 7. சீனியர் மீது மட்டுமல்ல, பிரின்சிபால் நாற்காலி மீதும் கை வைக்கிற சட்டம் இது. அதனால்தான் புகார் எழுத்தில் அவர் மேசைக்குப் போகக் கூடாது என்பதில் பல கல்லூரிகள் அவ்வளவு கவனமாக இருக்கின்றன. வார்டனிடம் போனில் சொன்னதை எந்த நீதிமன்றத்தில் காட்டுவீர்கள்?

நெல்லிக்குப்பம் பக்கம் டூவீலர் மெக்கானிக் ஒருவர், அவருடைய மகன் விஷயத்தைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். பையன் ஹாஸ்டலில் முதலாம் ஆண்டு. ராத்திரி மூன்று சீனியர்கள் தங்கள் அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைத் தாழிட்டார்கள். சட்டையைக் கழற்றச் சொல்லி ஆட வைத்து வீடியோ எடுத்தார்கள். 'ட்ரீட்' என்று ஜிபேயில் ஆயிரத்து ஐந்நூறு வாங்கினார்கள். தயங்கியபோது கன்னத்தில் ஒரு அறை. அப்பா வார்டனுக்குப் போன் செய்தார். வார்டன் மறுநாள் இரு தரப்பையும் கூப்பிட்டு, சீனியர்களை 'சாரி' சொல்ல வைத்து, பையனிடம் "எனக்குப் புகார் எதுவும் இல்லை" என்று ஒரு கடிதம் வாங்கிக்கொண்டார். அன்றைக்கே வாட்ஸ்அப்பில் வந்தது மிரட்டல்: "வீடியோ இருக்குது, ஞாபகம் வெச்சுக்கோ."

அவர் என்னிடம் வந்தபோது இரண்டு வேன் நிறையச் சொந்தக்காரர்களை ஏற்றிக்கொண்டு ஹாஸ்டலுக்குப் போகும் யோசனையில் இருந்தார். கோபம் நியாயம்தான். ஆனால் அங்கே ஒருத்தன் சட்டை கிழிந்தாலும் எதிர்ப்புகார் தயார், பிறகு பேச்செல்லாம் அதைப் பற்றியே இருக்கும். நான் கெஞ்சித்தான் நிறுத்தினேன்.

முதலில் பையனை அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போகச் சொன்னேன். காதில் வலி இருந்தது. டாக்டரிடம் 'கீழே விழுந்துட்டேன்' என்று சொல்லாமல், யார், எங்கே அடித்தார்கள் என்று சொன்னால் ஆக்சிடென்ட் ரெஜிஸ்டரில் அது அப்படியே பதிவாகும். வாட்ஸ்அப் மிரட்டலை அழிக்கவில்லை, போனையும் மாற்றவில்லை. ஜிபே பரிவர்த்தனையில் தேதி, நேரம், யார் கணக்குக்குப் போனது எல்லாம் தானாகவே இருந்தது. சீனியர்களே சாட்சி தயாரித்துக் கொடுத்திருக்கிறார்கள்!

அப்புறம் புகார். 'ரொம்ப டார்ச்சர் செய்கிறார்கள்' என்று எழுதினால் யாருக்கும் எதுவும் புரியாது. எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த அறை, யார் யார், என்ன சொன்னார்கள், என்ன செய்ய வைத்தார்கள், யார் பார்த்தார்கள் என்று நடந்த வரிசையில் எழுத வைத்தேன். வார்டன் வாங்கிய கடிதத்தை மறைக்கவில்லை. அது எந்தச் சூழலில் எழுதி வாங்கப்பட்டது என்பதையும் சேர்த்தோம். ஹாஸ்டல் வராந்தா சிசிடிவி பதிவை அழியாமல் பாதுகாக்க வேண்டும் என்று ஒரு பத்தி. பழைய பதிவுகள் மேல் புதியது ஏறிக்கொண்டே இருக்கும், தாமதித்தால் காணாமல் போய்விடும். பிரின்சிபால் அலுவலகத்தில் கொடுத்து நகலில் சீலும் தேதியும் கேட்டோம். கிளர்க் மழுப்பினார். அன்று மாலையே அதே புகாரைப் பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையுடன் அனுப்பினோம். கலெக்டருக்கு ஒரு நகல், ஏனென்றால் மாவட்ட அளவிலான ராகிங் தடுப்புக் குழுவுக்கு அவர்தான் தலைவர்.

யுஜிசியின் 2009 விதிமுறைகளின்படி, தகவல் கிடைத்ததும் அது குற்ற வழக்காகுமா என்று கல்லூரித் தலைவர் தீர்மானித்து, ஆகுமென்றால் 24 மணி நேரத்துக்குள் போலீசில் எஃப்ஐஆருக்குப் புகார் கொடுக்க வேண்டும். அறைந்தது காயம் விளைவித்தல், தாழிட்டது சட்டவிரோதமாக அடைத்துவைத்தல், பணம் வாங்கியது மிரட்டிப் பறித்தல். 'சாரி' சொல்லிவிட்டதால் அந்தக் கடமை தீர்ந்துவிடாது. 7-ஆம் பிரிவைக் குறிப்பிட்டிருந்த தபால் போய்ச் சேர்ந்தபின் கல்லூரியிலிருந்து வந்த போன் வேறு குரலில் பேசியது. மூன்று பேரும் சஸ்பெண்ட், வழக்கும் பதிவானது. வழக்கு இன்னும் முடியவில்லை, சீக்கிரம் முடியும் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. பையன் அதே கல்லூரியில்தான் படிக்கிறான்.

'சீனியர் பசங்க வாழ்க்கை வீணாயிடுமே' என்று எப்போதும் ஒரு பெரியவர் கிளம்புவார். முதல் வாரத்திலேயே சஸ்பெண்ட் ஆகிறவன் பெரும்பாலும் அதோடு திருந்தப் பார்க்கிறான். மூடி மறைக்கப்பட்டவன்தான் அடுத்த வருஷம் பெல்ட்டை எடுக்கிறான் என்பது என் கருத்து.

பெயர் வெளியே தெரியப் பயப்படும் மாணவர்கள் 1800-180-5522 என்ற இலவச எண்ணுக்கு எந்நேரமும் பேசலாம், helpline@antiragging.in முகவரிக்கும் எழுதலாம். புகார் எண்ணைக் கட்டாயம் வாங்கிக்கொள்ளுங்கள். அது கல்லூரிக்கே திருப்பி அனுப்பப்படும், அங்கிருந்து 'சமாதானமாகிவிட்டது' என்று பதில் போகவும் கூடும். நீங்கள் சம்மதிக்கவில்லையென்றால் அதே புகார் எண்ணைக் குறிப்பிட்டு மறுபடி எழுதுங்கள்.

நம் பிள்ளைகளில் பாதிப் பேர் முள்ளோடை தாண்டிப் புதுச்சேரியில் படிக்கிறார்கள். 1997 சட்டம் தமிழ்நாட்டுக்குள் மட்டும்தான், எனவே அங்கே 7-ஆம் பிரிவைக் காட்டிப் பேச முடியாது. யுஜிசி விதிமுறைகளும் நாடு முழுவதற்குமான குற்றச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவும் அங்கேயும் உண்டு, புகாரை அவற்றின் கீழ் எழுத வேண்டும். பெற்றோர் கடலூர் ஸ்டேஷனிலேயே புகார் கொடுக்கலாம். சம்பவம் எங்கள் எல்லைக்குள் நடக்கவில்லை என்று திருப்பி அனுப்ப இப்போது வழியில்லை, ஜீரோ எஃப்ஐஆர் போட்டுப் புதுச்சேரிக்கு மாற்றியாக வேண்டும். மறுத்தால் எஸ்பிக்குத் தபாலில் அனுப்புங்கள், அதற்கும் பதில் இல்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம். வாசலில் நின்று வாக்குவாதம் செய்து ஒரு நாளை வீணாக்காதீர்கள்.