ஐந்து பங்குக்குத்தான் பணம், சிக்னலோ முப்பது

நல்ல பங்கு சட்டென்று சரியும்போது வாங்கி, ஓரிரு நாளில் துள்ளும்போது விற்கிற முறை பலரிடமும் இருக்கிறது. 200 நாள் சராசரிக்கு மேலே இருக்கும் பங்கில் அண்மை ஏற்ற இறக்கத்தை 0 முதல் 100 வரை அளக்கும் இரண்டு நாள் ஆர்.எஸ்.ஐ. 5-க்குக் கீழே வந்தால் வாங்கு, அவ்வளவுதான் விதி. ஆனால் இந்த சிக்னல்கள் கூட்டமாகத்தான் வரும். அமைதியான வாரத்தில் ஒன்றிரண்டு தேறினால் பெரிது. சந்தை மொத்தமும் தொடர்ந்து விழுகிற நாளில் வந்து குவியும். கையில் ஐந்து லட்சம், பங்குக்கு ஒரு லட்சம் என்றால் எந்த ஐந்தை எடுப்பது?

ஒரு முறையைப் பழைய விலைகளில் ஓட்டிப் பார்ப்பதுதான் பேக்டெஸ்ட். இதற்கு விதி எழுதாத பேக்டெஸ்டை நான் நம்புவதே இல்லை. நாம் சொல்லாவிட்டாலும் மென்பொருள் ஏதோ ஐந்தை எடுத்தாக வேண்டும். பெரும்பாலும் பட்டியல் வரிசைப்படி, அதாவது அகரவரிசைப்படி எடுத்துவிடும். ஆமிபுரோக்கர் என்ற பேக்டெஸ்ட் மென்பொருளில் இதற்கென்றே ஒரு வரி உண்டு, மதிப்பெண் கூடிய பங்கை முதலில் எடுக்கும்:

```
PositionScore = 100 - RSI(2);
```

இதிலும் ஒரு கோளாறு இருக்கிறது. பெரிய சரிவு நாளில் பாதிப் பங்குகளின் ஆர்.எஸ்.ஐ. 0-க்கும் 2-க்கும் நடுவே நெருக்கியடித்து நிற்கும். அந்த அற்ப வித்தியாசத்தை வைத்து எது மேல் என்று சொல்லவே முடியாது. அதனால் விழுந்த சதவீதத்தை அந்தப் பங்கின் சராசரி தினசரி அசைவால் வகுத்துப் பார்ப்பதுதான் சரி என்பேன். ஒன்று 9 சதவீதம் விழுந்திருக்கிறது, ஆனால் தினமும் 4.5 சதவீதம் ஆடுகிற பங்கு, மதிப்பெண் 2. இன்னொன்று 6 சதவீதம்தான் விழுந்தது, வழக்கமாக 2 சதவீதம்தான் ஆடும், மதிப்பெண் 3. இரண்டாவதுக்குத்தான் முதலிடம்.

சரி, இந்த வரிசை உண்மையிலேயே உதவுகிறதா? மதிப்பெண்ணுக்குப் பதில் ரேண்டம் எண்ணைப் போட்டு அதே பேக்டெஸ்டை ஆயிரம் முறை ஓட்டுங்கள். உங்கள் விதியின் லாபம் அந்த ஆயிரத்தின் நடுவில் விழுந்தால் அந்த வரிசையால் பயனில்லை. ஆயிரம் முடிவுகளும் ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில் சிதறிக் கிடந்தால், ஒரே ஒரு பேக்டெஸ்டின் லாபக் கோட்டைக் காட்டி யாரும் பெருமைப்பட முடியாது.

மறுநாள் லிமிட் ஆர்டர் போட்டு வாங்குபவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். முதல் ஐந்துக்கு மட்டும் ஆர்டர் போடுகிறோம். அதில் இரண்டு, நாம் கேட்ட விலைக்கு இறங்காமலே ஏறிவிட்டால் அந்த இரண்டு லட்சம் அன்று சும்மாதான் கிடக்கும். பேக்டெஸ்டோ அந்த இடத்தில் ஆறாவதையும் ஏழாவதையும் வாங்கியதாகக் கணக்கு எழுதிவிடும். எது இறங்கியது என்பது அதற்கு மட்டும் முன்கூட்டியே தெரியும்! டிரேடு பட்டியலைத் திறந்து, சிக்னல் குவிந்த ஏதாவது ஒரு நாளை எடுத்து, வாங்கியதாக இருக்கும் ஒவ்வொரு பங்கும் முந்தைய நாள் மாலை எத்தனையாவது இடத்தில் இருந்தது என்று பாருங்கள். காலியாக இருந்தது ஐந்து இடம், பட்டியலில் ஏழாவது பங்கு இருக்கிறது என்றால் அந்தப் பேக்டெஸ்ட் செல்லாது.