பதின்மூன்று அசையில் ஒரு கோஷம்

போன மாதம் எங்கள் பகுதிப் பள்ளிப் பிள்ளைகளோடு விழிப்புணர்வு ஊர்வலம் போனோம். தட்டியில் எழுதியிருந்த வாசகம்: "ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் நெகிழியை ஒழிப்போம்!" முன்னால் போன ஆசிரியர் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். பின்னால் வந்த பிள்ளைகள் "தூக்கி" வரைக்கும் தாக்குப் பிடித்தார்கள். அதற்குப் பிறகு ஆளுக்கொரு வேகம். கடைசியில் "ஒழிப்போம்" மட்டும் சத்தமாகக் கேட்டது. எதை என்று தெருவில் நின்றவர்களுக்குப் புரிந்திருக்காது.

வீட்டுக்கு வந்து, பள்ளியில் படித்த யாப்பை வைத்து அசை பிரித்துப் பார்த்தேன். பதின்மூன்று அசை! கோஷம் என்பது ஒருவர் சொல்ல, கூட்டம் திருப்பிச் சொல்வது. நடந்துகொண்டே சொல்ல ஐந்து, ஆறு அசை போதும். ஏழைத் தாண்டினால் நடுவில் மூச்சு வாங்கும். வாங்குகிற இடம் ஆளுக்கு ஆள் மாறும்.

சரி, நீளமான சொல்லுக்குப் பதில் குட்டையாக ஒன்றைப் போடலாம் என்று உட்கார்ந்தோம். முதலில் "நெகிழி" மட்டும். இரண்டே அசை, அழகான சொல். நெகிழ்வது நெகிழி என்று பொருளும் பொருத்தம்தான். ஆனால் எங்கள் தெருவில் யாரும் கடையில் போய் "நெகிழி வேண்டாம்" என்று சொல்வதில்லை. அது தட்டியில் படிக்கிற சொல். வாயில் வருகிற சொல் இல்லை. தவிர, தண்ணீர்க் குடமும் நாற்காலியும்கூட நெகிழிதானே, அதையுமா ஒழிப்பது?

அடுத்தது "கவர்". கடையில் எல்லோரும் சொல்வது இதைத்தான். "கவருக்கு பை பை!" என்று ஒரு பையன் சொன்னான். நான் சிரித்துவிட்டேன், மற்றவர்களும் சிரித்தார்கள். ஆனால் எழுத்தில் போட்டால் லஞ்ச ஒழிப்பு வாசகம் மாதிரி இருக்கிறது என்று ஒரு பெரியவர் நிறுத்திவிட்டார். அவர் ஓய்வு பெற்ற அரசு ஊழியர், அவருக்குத் தெரியாததா?

தமிழ்நாட்டில் தடை 2019 ஜனவரி 1-இல் வந்தது. 2021 டிசம்பரில்தான் "மீண்டும் மஞ்சப்பை" வந்தது. இந்த இரண்டு சொல்லை வைத்தவர் யாராக இருந்தாலும் கையெடுத்துக் கும்பிடலாம். ஐந்தே அசை. இரண்டு சொல்லுக்கும் ம-வில் மோனை. இலக்கணப்படி "மஞ்சட்பை" என்று எழுதியிருந்தால் அன்றைக்கே செத்திருக்கும். கல்யாண வீட்டுத் தாம்பூலத்தோடு வாங்கிய பையை நாம் எப்படிச் சொல்வோமோ, அப்படியே எழுதினார்கள். மஞ்சப்பையோடு பட்டணத்துக்கு வந்தவனைப் பட்டிக்காட்டான் என்று கேலி செய்த ஊர் இது. அந்தக் கேலியை "மீண்டும்" என்ற ஒரு சொல் திருப்பிப் போட்டுவிட்டது.

ஆனாலும் எனக்கு ஒரு குறை உண்டு. "ஒருமுறை பயன்படுத்தி" என்ற நீளமான பகுதியில்தான் விஷயமே இருந்தது. அது போய், ஒரு நிறம் வந்து உட்கார்ந்துவிட்டது. ஊர்வலத்தன்றே ஒரு கடையில் மஞ்சள் நிறத்தில் பை கொடுத்தார்கள், துணி மாதிரியே இருந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் குறுக்கும் நெடுக்குமாக இழை இல்லை, புள்ளி புள்ளியாக அழுத்திய தடம். ஓரத்தில் சின்னத் துண்டு வெட்டி, இடுக்கியில் பிடித்துக் கொளுத்தினேன். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனை வந்து சாம்பலாகும். இது சுருங்கி, உருகி, ஆறியதும் கெட்டியான மணியாக நின்றது. நெய்யாத பாலிபுரொப்பிலீன் பை. தடைப் பட்டியலில் இருப்பதுதான். கடைக்காரரிடம் சொன்னால், "மஞ்சப்பைதானே சார்?" என்கிறார். அவரைக் குறை சொல்லி என்ன பயன், சொல் அவர் பக்கம்தானே நிற்கிறது!

அப்போதுதான் பழைய சுவர் விளம்பரம் ஒன்று நினைவுக்கு வந்தது. சிவப்பு முக்கோணம், பக்கத்தில் "நாம் இருவர், நமக்கு இருவர்". அதில் "குடும்பக் கட்டுப்பாடு" என்ற சொல்லே கிடையாது. ஆறு அசைச் சொல்லைக் குட்டையாக்கப் பார்க்காமல் தூக்கி எறிந்துவிட்டு, ஒரு புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்வதை எழுதினார்கள். பிறகு "நமக்கு ஒருவர்" என்று மாற்ற வேண்டி வந்தபோதும் ஒரே ஒரு சொல்லை மாற்றினால் போதுமாக இருந்தது. (பேச்சில் "கு.க. ஆபரேஷன்" என்று சுருக்கியது மக்கள். அதைச் சுவரில் யாரும் எழுதவில்லை, நல்லவேளை.)

நாங்களும் பிளாஸ்டிக், நெகிழி, கவர் எல்லாவற்றையும் விட்டுவிட்டோம். கடைக்குக் கிளம்பும்போது வீட்டில் கேட்பது என்ன? "பை இருக்கா?" மூன்றே அசை. அடுத்த ஊர்வலத்தில் ஆசிரியர் "பை இருக்கா?" என்று கத்தினார். பிள்ளைகள் கையிலிருந்த துணிப்பையைத் தூக்கிக் காட்டி "இருக்கு!" என்றார்கள். பை கொண்டுவராத நாலு பேர் மட்டும் "இல்ல!" என்று கத்தினார்கள். அதுவும் நன்றாகவே கேட்டது.