கட்டிலா, கோலா?

ஓய்வுநாள் பள்ளியில் படித்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. மரணப்படுக்கையில் யாக்கோபு தொழுதுகொண்ட கதையை அக்கா நடத்திக்கொண்டிருந்தார். ஆதியாகமம் 47:31-இல் அவன் கட்டிலின் தலைமாட்டில் சாய்ந்து தொழுதான் என்று இருந்தது. அடுத்த வாரம் எபிரெயர் 11:21. அங்கே அதே யாக்கோபு தன் கோலின் முனையில் சாய்ந்து தொழுதான். கட்டிலா, கோலா என்று கேட்டேன். "இரண்டும்தான், கட்டிலில் உட்கார்ந்து கோலைப் பிடித்துக்கொண்டான்" என்றார் அக்கா. வகுப்பே சிரித்தது, என்னைப் பார்த்துத்தான்.

அந்தக் கேள்விக்குப் பதில் எபிரேயத்தில் மூன்று எழுத்துகளுக்குள் இருக்கிறது என்பது பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது. சென்ற வாரம் இங்கே ஒரு பதிவில், எபிரேய விவிலியத்தில் உயிரொலியைக் காட்டும் புள்ளிகளைப் பற்றி நடந்த சண்டையைப் பார்த்ததும் இதை எழுதத் தோன்றியது. "உயிர்க்குறிகளை ஆயிரம் ஆண்டுகள் கழித்து யாரோ சேர்த்தார்கள், ஆகவே பழைய ஏற்பாடே நம்பத்தகாதது" என்று ஒருவர். "ஒவ்வொரு புள்ளியும் மோசேக்குத் தேவன் கொடுத்தது" என்று இன்னொருவர். இருவருமே புள்ளிகளைப் பற்றிப் பேசினார்களே தவிர, ஒரு சொல்லை எடுத்துப் பிரித்துப் பார்க்கவில்லை.

எபிரேய நெடுங்கணக்கில் 22 எழுத்துகள், எல்லாமே மெய். அலெஃப், ஹே, வாவ், யோத் போன்ற சில எழுத்துகள் ஆங்காங்கே நெடில் உயிரைச் சுட்டிக்காட்டும். மற்றபடி உயிரை வாசிப்பவர்தான் போட்டுக்கொள்ள வேண்டும். நம் ஓலைச்சுவடிகளில் புள்ளி இல்லாமல், எகர ஏகார வேறுபாடு இல்லாமல் எழுதியதை இடம் பார்த்துப் படித்தார்களே, அந்தப் பழக்கத்தைப் பல மடங்கு பெருக்கிக்கொள்ளுங்கள். சாக்கடல் குகைகளில் கிடைத்த விவிலியச் சுருள்களில் இந்தப் புள்ளிகள் கிடையாது. கலிலேயக் கடலோரத்துத் திபேரியா நகரில், சுமார் 7-ஆம் நூற்றாண்டிலிருந்து 10-ஆம் நூற்றாண்டு வரை உழைத்த மசோரெத்தியர் என்ற அறிஞர்கள்தான் இன்று நாம் காணும் புள்ளிகளையும் கோடுகளையும் வகுத்தவர்கள். பழைய எழுத்தில் கை வைக்க அவர்களுக்குத் துணிவில்லை. எழுத்துக்குக் கீழேயும் மேலேயும் வயிற்றுக்குள்ளேயும் குறி போட்டார்கள். சுமார் 930-இல் முடிந்த அலெப்போ சுவடியில் மெய்யெழுத்துகளை எழுதியவர் ஒருவர், புள்ளியிட்டவர் ஆரோன் பென் ஆஷேர் என்ற வேறொருவர். அந்தச் சுவடியில் ஆதியாகமம் இன்று இல்லை. 1947-இல் அலெப்போவில் நடந்த கலவரத்தைத் தொடர்ந்து, மோசேயின் ஐந்து நூல்களான தோராவின் பெரும்பகுதி காணாமற்போய்விட்டது. ஆகவே நம் கட்டிலைத் தேடுபவர், சுமார் 1008-இல் எழுதிய லெனின்கிராட் சுவடிக்குத்தான் போகவேண்டும்.

அந்தச் சொல்லைப் பார்ப்போம். மேம், தேத், ஹே. ம், ட், ஹ். கடைசி ஹே ஒலிக்காது. அது ஆகாரத்தில் முடியும் சொல்லுக்கும் வரும், எகரத்தில் முடியும் சொல்லுக்கும் வரும், ஆகவே உதவாது. மேம் எழுத்தின் கீழே ஒற்றைப் புள்ளி வைத்து, தேத்துக்குக் கீழே சிறு டி வடிவக் குறி போட்டால் 'மிட்டா', அதாவது கட்டில். மேமுக்குக் கீழே ஒரு சிறு கிடைக்கோடும் தேத்துக்குக் கீழே அடுப்புக்கல் போல மூன்று புள்ளிகளும் இட்டால் 'மட்டே', அதாவது கோல். இதில் இன்னொரு விஷமம் உண்டு. முன்னால் வரும் 'ரோஷ்' என்ற சொல்லுக்குத் தலை என்று பொருள். கட்டிலுக்கும் தலைமாடு உண்டு, கோலுக்கும் தலை உண்டு. மிட்டா பெண்பால், மட்டே ஆண்பால் என்றாலும், பால் காட்டிக்கொடுக்க ஒரு வினையோ அடையோ அந்த வாக்கியத்தில் இல்லை. வாக்கியம் இரண்டு பக்கமும் சிரித்தபடி நிற்கிறது.

கி.மு. 3-ஆம் நூற்றாண்டு வாக்கில் தோராவைக் கிரேக்கத்தில் பெயர்த்த யூதர் இந்த இடத்தில் கோல் என்று வாசித்தார். எபிரெயர் நிருபத்தை எழுதியவர் கையாண்டது அந்தக் கிரேக்க விவிலியம். நம் தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் ஆதியாகமத்தைப் புள்ளியிட்ட எபிரேயத்திலிருந்தும் எபிரெயர் நிருபத்தைக் கிரேக்கத்திலிருந்தும் பெயர்த்தார்கள். ஒன்றுக்கொன்று இணக்கம் செய்யாமல் இரண்டையும் உள்ளபடியே விட்டார்கள். அந்த நேர்மையால்தான் அன்று வகுப்பில் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

எது சரி? அடுத்த அதிகாரத்தில், 48:2-இல், யாக்கோபு திடப்படுத்திக்கொண்டு உட்கார்ந்தது எதன்மேல் என்று சொல்ல அதே மூன்று எழுத்துகள் வருகின்றன. கோலின்மேல் உட்கார முடியாது, ஆகவே கிரேக்கத்தில் பெயர்த்தவரும் அங்கே கட்டில் என்றே எழுதினார். ஒரு பக்க இடைவெளியில் அதே எழுத்துகளுக்கு ஒரே மனிதர் இரண்டு பொருள் கொண்டிருக்கிறார். கோல் கட்சிக்கும் ஒரு வாதம் உண்டு. யாக்கோபுக்கு உடல்நலம் இல்லை என்ற செய்தி 48:1-இல்தான் யோசேப்புக்கு வருகிறது. அப்படியானால் 47-ஆம் அதிகாரத்தில் அவன் எழுந்து நடமாடிக்கொண்டிருந்த கிழவன், கையில் கோல் இருந்திருக்கும். ஆனால் 1 இராஜாக்கள் 1:47-இல் வயது முதிர்ந்த தாவீது ராஜாவும் படுக்கையின்மேல் இருந்தபடியே பணிந்துகொள்கிறார். அங்கே படுக்கைக்கு வேறு சொல், குழப்பத்துக்கு இடமில்லை. என் சாய்வு கட்டில் பக்கம்.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று. 4-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெத்லகேமில் அமர்ந்து, யூத ஆசிரியர்களிடம் எபிரேயம் கற்று, லத்தீனில் பெயர்த்த ஜெரோம் ஆதியாகமத்தில் எழுதியது கட்டில் என்றுதான். அப்போது திபேரியாவில் யாரும் புள்ளி வைக்கத் தொடங்கியிருக்கவில்லை. கட்டில் என்ற வாசிப்பு புள்ளிக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே வாயிலும் காதிலும் இருந்தது. மசோரெத்தியர் அதற்குக் குறிதான் போட்டார்கள்.

வாயும் காதும் பிசகினால் என்ன ஆகும் என்று புள்ளிக்கு முந்தைய காலத்தவருக்கே பயம் இருந்தது. யூத ஆசிரியர்களின் விவாதத் தொகுப்பான பாபிலோனியத் தல்மூதில், பாவா பத்ரா பகுதியில் ஒரு கதை. தாவீதின் படைத்தலைவன் யோவாப் ஏதோமில் ஆண்களை மட்டும் கொன்றுவிட்டுத் திரும்புகிறான். ஏன் அப்படிச் செய்தாய் என்கிறார் ராஜா. ஏதோமின் கிளையான அமலேக்கின் 'ஸகார்', அதாவது ஆண்மக்களை அழி என்றல்லவா எழுதியிருக்கிறது என்கிறான். நாங்கள் 'ஸேகெர்' என்றல்லவா வாசிக்கிறோம், அமலேக்கின் நினைவையே அழி என்றல்லவா என்கிறார் ராஜா. இரண்டுக்கும் மெய்யெழுத்துகள் ஒன்றே. யோவாப் நேரே தனக்குச் சிறுவயதில் பாடம் சொன்ன ஆசிரியரிடம் போய், எனக்கு எப்படிக் கற்பித்தீர் என்று கேட்கிறான். ஸகார் என்றார் அவர். யோவாப் வாளை உருவினான். பிறகு கொன்றான் என்று ஒரு சாராரும் விட்டுவிட்டான் என்று ஒரு சாராரும் சொல்வதாகத் தல்மூத் முடிக்கிறது. இது நடந்ததா என்பதல்ல விஷயம். சிறுபிள்ளைகளுக்குப் பாடம் சொல்பவர் உச்சரிப்பில் கவனமாக இருக்கவேண்டும் என்ற பேச்சின் நடுவே இதைச் சொல்கிறார்கள். (எங்கள் அக்காவின் நல்ல காலம், என்னிடம் வாள் இல்லை.)

அப்படியானால் பழைய வாசிப்பெல்லாம் மூல ஆசிரியர் நினைத்ததுதானா? அங்கேதான் புள்ளிபக்தர்களோடு நான் முரண்படுகிறேன். ஏசாயா 1:12-ஐ எடுங்கள். என் சந்நிதியில் வரும்போது இப்படி என் பிராகாரங்களை மிதிக்கச் சொன்னது யார் என்று கர்த்தர் கேட்கிறார். எபிரேயத்தில் அந்தச் சொல்லைப் புள்ளியிட்டிருப்பது 'லேராஓத்' என்று, அதாவது காணப்பட, முன் தோன்ற. அதே எழுத்துகளை 'லிர்ஓத்' என்று வாசித்தால் காண. அடுத்து நிற்கும் சொல் 'என் முகம்'. ஆக, நீங்கள் என் முகத்தைக் காண வரும்போது. தமிழருக்கு இதை விளக்கவே வேண்டாம், முகதரிசனம்.

எப்படிக் கண்டுபிடிப்பது? 'தோன்ற' என்ற வினைவடிவத்தை எழுதும்போது முதலில் வரும் லாமெத் என்ற லகர எழுத்துக்கு அடுத்து ஹே என்ற எழுத்து வரவேண்டும். எலியா ஆகாபுக்குத் தன்னைக் காண்பிக்கப் போன 1 இராஜாக்கள் 18:2-இல் அந்த ஹே ஒழுங்காக நிற்கிறது. ஏசாயாவில் அது இல்லை. யாத்திராகமம் 34:24-இலும் இல்லை. அங்கே கூடுதலாக, முகத்துக்கு முன்னால் 'எத்' என்ற செயப்படுபொருள் குறியும் நிற்கிறது. முகத்தைக் காண என்றால் அந்தக் குறி பொருந்தும், முகத்தின் முன் தோன்ற என்றால் இடறும். தடயம் இரண்டு இடத்தில் கிடைத்த பிறகு சந்தேகிக்காமல் இருக்க முடியாது. என்னைக் கண்டு எந்த மனிதனும் உயிரோடிருக்க முடியாது என்று யாத்திராகமம் 33:20 சொல்லும்போது, ஆண்டுக்கு மூன்று முறை அவர் முகத்தைக் காணப் போ என்று சபையில் உரக்க வாசிக்க எவருக்கோ நா கூசியிருக்கிறது. எழுத்தை மாற்றவில்லை, உயிரை மாற்றிக்கொண்டார்கள்.

இந்தக் கூச்சத்தையும் திபேரியாக்காரர் தலையில் கட்டிவிட முடியாது. கிரேக்க மொழிபெயர்ப்பும் இந்த இரண்டு இடங்களிலும் தோன்ற என்றே சொல்கிறது. மாற்றம் கிறிஸ்துவுக்கு முந்தியது. மசோரெத்தியர் தங்கள் முன்னோர் வாயால் வந்த திருத்தத்தையும் அதே விசுவாசத்தோடு பதிவு செய்தார்கள். குறி பிந்தியது, வாசிப்பு முந்தியது. ஆனால் அந்த முந்திய வாசிப்புக்கும் முன்னால் வேறொரு வாசிப்பு இருந்திருக்கலாம். இதை ஒவ்வொரு சொல்லாகத்தான் தீர்க்க முடியும்.

மொத்தமாகத் தீர்க்கப் பார்த்தவர்களும் உண்டு. புள்ளிகள் தல்மூதுக்குப் பிந்தியவை என்று 1538-இல் எழுதியவர் எலியா லெவிட்டா, ஒரு யூத இலக்கணி. 1624-இல் லூயி கப்பேல் என்ற பிரெஞ்சு சீர்திருத்தச் சபை அறிஞர் அதை விரிவாக நிறுவினார். அரண்டுபோன சுவிஸ் சபைகள் 1675-இல் ஓர் அறிக்கை வெளியிட்டு, எபிரேய மெய்களும் உயிர்களும் தேவ ஏவுதல் பெற்றவை என்றன. ஆனால் வாக்கியத்தை எழுதியவர்கள் கெட்டிக்காரர்கள். "புள்ளிகள், அல்லது குறைந்தபட்சம் புள்ளிகளின் ஆற்றல்" என்று ஒரு பின்கதவு வைத்தார்கள். அந்தக் கதவு வழியாகத்தான் பின்னால் எல்லோரும் வெளியேறினார்கள்.

யூதர்களுக்கு இந்தப் பதற்றம் அவ்வளவாக இல்லை. ஜெப ஆலயத்தில் வாசிக்கும் தோராச் சுருளில் இன்றும் புள்ளி கிடையாது. புள்ளி வைத்தால் அந்தச் சுருள் வாசிப்புக்கு ஆகாது. ஆதியாகமத்தின் கடைசிப் பகுதி ஆண்டுதோறும் டிசம்பர், ஜனவரி வாக்கில் வரும், அதன் தொடக்கத்திலேயே நம் வசனம். வாசிப்பவர் முந்தைய நாட்களில் புள்ளியிட்ட அச்சுப் புத்தகத்தில் பாடம் செய்துகொண்டு வந்து, வெள்ளிக் கோலால் வரியைச் சுட்டியபடி, புள்ளியில்லாத அந்த மூன்று எழுத்துகளின் முன் நிற்பார். கட்டில் என்பார். நா பிசகிக் கோல் என்றால், புள்ளியிட்ட புத்தகத்தோடு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் யாராவது ஒருவர் உரக்கத் திருத்துவார், அவரும் திரும்ப வாசிப்பார்.