வெறும் வயிற்று நடையும் சர்க்கரை மாத்திரையும்

"காலையில் பசியாறாமல் ஓடினால் கொழுப்பு அதிகம் கரையுமா?"

ஓடுகிற நேரத்தில் கரையும். ஆனால் மீதி நாளில் உடல் அதை ஈடுகட்டிவிடுகிறது. 2014இல் 20 இளம்பெண்களிடம் நான்கு வாரம் நடந்த ஆய்வில், உண்டவர்களுக்கும் உண்ணாதவர்களுக்கும் எடைக்குறைவில் வேறுபாடு தெரியவில்லை.

என் கவலை வேறு. சுங்கை சிப்புட்டில் பால்மரம் வெட்டி ஓய்வுபெற்ற என் மாமா, முந்தைய இரவு கிளிக்லசைடு என்ற நீரிழிவு மாத்திரை போட்டுவிட்டு, விடியற்காலையில் வெறும் வயிற்றோடு செம்பனைச் சாலையில் வேகமாக நடந்தார். கை நடுங்கியது, குளிர்ந்த வியர்வை கொட்டியது. இரத்தச் சர்க்கரை அளவு லிட்டருக்கு 3.2 மில்லிமோல். மூன்று தேக்கரண்டி சீனி கரைத்த நீர் கொடுத்து, 15 நிமிடம் கழித்துச் சோதித்தோம்: 4.6.

உணவு வராவிட்டாலும் அந்த மாத்திரை இன்சுலினைச் சுரக்கச் செய்துகொண்டே இருக்கும். இன்சுலின் ஊசி போடுபவர்களுக்கும் இதே ஆபத்துதான். இவர்கள் சோதித்துப் பார்த்து, 5க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டே கிளம்ப வேண்டும்.