முதல் கியரில் ஏறிக்கொள்ளும் முந்நூறு கிலோ

கார் ஆர்வலர்கள் கூடும் இடங்களில் ஒரு கணக்கு அடிக்கடி காதில் விழுகிறது. சக்கரத்தில் ஒரு கிலோவைக் குறைத்தால் வண்டியில் பத்து கிலோவைக் குறைத்ததற்குச் சமம் என்பார்கள். சிலர் நான்கு என்பார்கள், சிலர் எட்டு என்பார்கள். இந்த நம்பிக்கையில்தான் பலர் பெரும் தொகை கொடுத்து அலாய் சக்கரம் மாட்டுகிறார்கள். சுழலும் பாகங்கள் காரின் முடுக்கத்தைக் குறைக்கின்றன என்பது உண்மையே. ஆனால் குற்றவாளியைத் தவறான இடத்தில் தேடுகிறோம் என்பதே என் கருத்து. சக்கரங்களின் பங்கு மிகச் சிறியது. முதல் கியரில் காரை உண்மையிலேயே கனமாக்குவது பானட்டுக்கு அடியில் எஞ்சினோடு சுழலும் கனமான தட்டான பிளைவீலும் கிராங்க்‌ஷாஃப்டும்தான்.

முதலில் சக்கரத்தை எடுத்துக்கொள்வோம். கார் ஓடும்போது சக்கரம் இரண்டு வேலைகளைச் செய்கிறது: காரோடு சேர்ந்து முன்னே நகர்கிறது, தன் அச்சில் சுழலவும் செய்கிறது. டயரின் தரை தொடும் பரப்பில் ஒரு கிலோ இருந்தால், அச்சைச் சுற்றி அதன் வேகம் காரின் வேகத்துக்குச் சமம். எனவே நகர்வுக்கு ஒரு பங்கும் சுழற்சிக்கு ஒரு பங்குமாக அதற்கு இரண்டு பங்கு இயக்க ஆற்றலைக் கொடுக்க வேண்டும். அந்த ஒரு கிலோ இரண்டு கிலோவைப் போல நடந்துகொள்ளும். அச்சுக்கு நெருங்க நெருங்க இந்தப் பெருக்கம் இரண்டிலிருந்து ஒன்றை நோக்கி இறங்கும். டயரின் வெளிப்பரப்புக்கு அப்பால் சக்கரத்தில் எதுவும் இல்லை என்பதால், இரண்டைத் தாண்ட வழியே இல்லை. பதினோராம் வகுப்பில் சாய்தளத்தில் உருளும் வளையத்துக்கு முடுக்கம் பாதியாகும் என்று படித்தோமே, அதே இரண்டுதான் இது. பத்து என்பவர்களிடம் அந்தப் பத்து எங்கிருந்து வந்தது என்று கேட்டுப் பாருங்கள், பதில் வராது. (மேடுபள்ளங்களில் சக்கரம் துள்ளுவதும் சஸ்பென்ஷன் அதைச் சமாளிப்பதும் வேறு விவகாரம். அங்கே இலேசான சக்கரத்துக்கு நியாயமான மதிப்பு உண்டு.)

இனி ஒரு சிறிய ஹாட்ச்பேக் காரை எடுத்துக் கணக்கிடுவோம். ஓட்டுநரோடு சேர்த்து 1000 கிலோ, டயரின் ஆரம் 0.28 மீட்டர், சுழற்சி வேகம் மாறுவதை ஒரு பொருள் எவ்வளவு எதிர்க்கிறது என்பதன் அளவான நிலைமத் திருப்புத்திறன் ஒவ்வொரு சக்கரத்துக்கும் 0.6, எஞ்சினில் பிளைவீல், கிராங்க்‌ஷாஃப்ட், கிளட்ச் எல்லாம் சேர்ந்து 0.12 (இரண்டும் கிலோகிராம்-மீட்டர் வர்க்க அலகில்) என்று கொள்வோம். இவை எந்தக் குறிப்பிட்ட மாடலின் எண்களும் அல்ல. இந்த அளவிலான கார்களுக்குப் பொருந்தும் எண்கள். முதல் கியர் விகிதம் 3.5, இறுதிக் கியர் விகிதம் 4.2 என்றால், சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்போது எஞ்சின் 14.7 சுற்றுச் சுற்றுகிறது. காரின் நிறை m, ஒரு சக்கரத்தின் நிலைமத் திருப்புத்திறன் I_w, எஞ்சினுடையது I_e, டயரின் ஆரம் r, அந்த 14.7 என்ற விகிதம் N என்று வைத்துக்கொண்டால், முடுக்கும்போது கார் காட்டும் பயனுறு நிறை m_eff-க்கான சூத்திரம் இதுதான்:

m_eff = m + 4·I_w/r² + I_e·N²/r²

நான்கு சக்கரங்களின் பங்கு 2.4-ஐ 0.0784-ஆல் வகுத்தால் வருவது: சுமார் 31 கிலோ. காரின் நிறையில் இது மூன்று சதவீதம். வாகனங்களை நியூட்ரலில் உருளவிட்டு எதிர்ப்பு விசையை அளக்கும் சோதனைகளில், சுழலும் பாகங்களுக்காக மூன்று சதவீதத்தைச் சேர்த்துக்கொள்ள, கார்களின் எரிபொருள் செலவையும் புகையையும் அளப்பதற்கான சர்வதேச டபிள்யூஎல்டிபி விதிமுறை அனுமதிப்பதும் இதனால்தான். இந்த 31 கிலோ எந்தக் கியரிலும் மாறாது.

எஞ்சினின் பங்கில் N வர்க்கமாக வருகிறது. காரணம் எளிது. கியர் விகிதம் 14.7 என்றால், சக்கரத்தைவிட எஞ்சின் 14.7 மடங்கு வேகமாக முடுக்கப்பட வேண்டும். அதற்குத் தேவையான திருப்பு விசை சக்கரத்தில் உணரப்படும்போது இன்னொரு 14.7 மடங்காகப் பெருகுகிறது. ஆகவே 0.12-ஐ 216-ஆல் பெருக்கி 0.0784-ஆல் வகுத்தால் 331 கிலோ வருகிறது. அதாவது ஆயிரம் கிலோ கார், முதல் கியரில் 1362 கிலோ காரைப் போல முடுக்கம் கொள்கிறது. நான்கைந்து பேரைக் கூடுதலாக ஏற்றியதற்குச் சமம்! இரண்டாம் கியரில் (விகிதம் 1.9) எஞ்சினின் பங்கு 97 கிலோவாகவும், மூன்றாம் கியரில் (1.3) 46 கிலோவாகவும், ஐந்தாம் கியரில் (0.77) 16 கிலோவாகவும் சரிகிறது. ஐந்தாம் கியரில் சக்கரங்கள் எஞ்சினை முந்திவிடுகின்றன. ஆனால் அப்போது இரண்டையும் சேர்த்தாலே ஐந்து சதவீதத்துக்குள்தான்.

331 கிலோ என்பது சூத்திரத்தின் மாயமோ என்று ஐயுறுபவர்கள் ஆற்றலைக் கொண்டு சரிபார்க்கலாம். முதல் கியரில் எஞ்சின் 5000 ஆர்பிஎம்மில் சுழலும்போது இந்தக் கார் மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் போகும். அப்போது காரின் நேர்கோட்டு இயக்க ஆற்றல் ஏறக்குறைய 50,000 ஜூல். எஞ்சினின் சுழல் பாகங்களில் மட்டும் 16,400 ஜூல் தேங்கி நிற்கிறது. பெட்ரோல் எரிந்து உண்டான ஆற்றலில் அவ்வளவும் காரை நகர்த்தாமல், எஞ்சின் தன்னைத்தானே சுழற்றிக்கொள்ளப் போய்விட்டது. இந்த இரண்டு எண்களின் விகிதமும் 331-க்கு ஆயிரம் என்ற அதே விகிதம்தான்.

இரண்டாம் கியருக்கு மாறும்போது, அதே வேகத்துக்கு எஞ்சின் சுமார் 2700 ஆர்பிஎம்முக்கு இறங்கியாக வேண்டும். இறங்குகையில் அது சுமார் 11,600 ஜூலைக் கைவிடுகிறது. கிளட்சை அமுக்கி, எஞ்சின் தானாகத் தணியும்வரை பொறுத்திருந்தால் அந்த ஆற்றல் உராய்விலும் எஞ்சின் காற்றை இழுத்துத் தள்ளுவதிலும் கரைந்துபோகும். அவசரமாகக் கிளட்சை விட்டால் ஒரு பகுதி கிளட்ச் தட்டில் வெப்பமாகும். மீதி காரை முன்னே தள்ளும் அந்தப் பழகிய குலுக்கலாக வெளிப்படும்.

இந்தக் கூடுதல் நிறையைப் பற்றிப் பேசுபவர்கள் அடுத்ததாகச் சறுக்கும் இடம், அதை எல்லா இடத்திலும் செருகுவது. பயனுறு நிறை என்பது முடுக்கத்தோடு பெருக்கும் இடத்தில் மட்டுமே செல்லும். எடை மேடையில் அது தெரியாது. ஏற்காடு மலைப்பாதையில் ஒரே சீரான வேகத்தில் ஏறும்போது ஈர்ப்புவிசை இழுப்பது 1000 கிலோவைத்தான், 1362-ஐ அல்ல. டயருக்கும் தரைக்கும் இடையிலான பிடிமானத்துக்கும் அது சுமையாவதில்லை. எஞ்சின் 90 நியூட்டன்-மீட்டர் திருப்பு விசை தருகிறது, கியர்பெட்டியில் பத்தில் ஒரு பங்கு வீணாகிறது என்றால், சக்கரத்தின் விளிம்பில் கணக்குப்படி சுமார் 4250 நியூட்டன் வர வேண்டும். எதிர்ப்பு விசை 150-ஐக் கழித்து 1362-ஆல் வகுத்தால் முடுக்கம் 3 மீட்டர்/வினாடி². ஆனால் உண்மையில் தரை டயரைத் தள்ளும் விசை 1000-ஐ 3-ஆல் பெருக்கி 150-ஐக் கூட்டியது, அதாவது 3150 நியூட்டன் மட்டுமே. மீதி 1100 நியூட்டன் தரைக்கு வந்து சேரவே இல்லை. வழியில் சுழலும் பாகங்களை வேகப்படுத்தச் செலவாகிவிட்டது. ஆக, முதல் கியரில் சக்கரம் வழுக்குமா என்று கணக்கிடும் ஒருவர் 4250-ஐப் பயன்படுத்தினால், வழுக்காத காரையும் வழுக்கும் என்று சொல்லிவிடுவார்.

கிளட்ச் நழுவிக்கொண்டிருக்கும் அந்த முதல் சில கணங்களுக்கும் இந்தச் சூத்திரம் பொருந்தாது. எஞ்சினும் சக்கரமும் அப்போது இறுக்கமாகப் பிணைக்கப்படவில்லை. கிளட்ச் முழுவதுமாகப் பிடித்த பிறகே 331 கிலோ காரின் மேல் ஏறுகிறது.

இப்போது பணம் செலவழிக்கும் கேள்விக்கு வருவோம். ஒரு சக்கரத்துக்கு ஒன்றரை கிலோ குறையும் அலாய் சக்கரங்களை மாட்டினால் மொத்தம் ஆறு கிலோ குறைகிறது. குறைந்த உலோகம் அச்சிலிருந்து சராசரியாக 16 சென்டிமீட்டர் தொலைவில் இருந்ததாகக் கொண்டால், அது எட்டு கிலோவுக்குச் சமம். பின்சீட்டில் கிடக்கும் பையை வீட்டில் வைத்துவிட்டு வந்தால் கிடைக்கும் பலன் அது. இதற்கு மாறாக, பிளைவீலின் வெளிவிளிம்பில், 12 சென்டிமீட்டர் ஆரத்தில், ஒரே ஒரு ஒன்றரை கிலோவை லேத்தில் கடைந்து எடுத்தால் முதல் கியரில் கிட்டத்தட்ட 60 கிலோ குறைகிறது. ஐந்தாம் கியரில் அதே வேலைக்குக் கிடைப்பது சுமார் நான்கரை கிலோ. பந்தயக் கார்களில் பிளைவீலைக் கடைவது ஏன் வழக்கம் என்பது இதிலிருந்து விளங்கும். தினமும் போக்குவரத்து நெரிசலில் ஓட்டும் காருக்கு இதை நான் பரிந்துரைக்கவில்லை. பிளைவீலின் கனம்தான் ஐடிலிங்கில் எஞ்சினைத் துடிக்காமல் வைத்திருக்கிறது. கிளட்சை விடும்போது வண்டி ஆஃப் ஆகாமல் காப்பாற்றுவதும் அதுவே. வார்ப்பிரும்பைத் தவறான இடத்தில் மெலிதாக்கினால் உயர் சுழற்சியில் அது வெடித்துச் சிதறும் ஆபத்தும் உண்டு.

N வர்க்கமாக வளர்வதால் இன்னொரு விளைவும் இருக்கிறது. கியர் விகிதத்தைக் கூட்டக் கூட்ட விசை N-ஐப் பொறுத்து வளர்கிறது. நிறையோ அதன் வர்க்கத்தைப் பொறுத்து வளர்கிறது. எஞ்சினின் பங்கு மற்ற எல்லாவற்றின் கூட்டுத்தொகைக்குச் சமமாகும் புள்ளியைத் தாண்டினால், இன்னும் தாழ்ந்த கியர் போட்டாலும் முடுக்கம் கூடாது, குறையும். நம் ஹாட்ச்பேக்குக்கு அந்த எல்லை N ஏறக்குறைய 26. சாதாரண கார் அதை எட்டுவதில்லை. ஆனால் இரண்டு டன் எடையுள்ள டீசல் நான்கு சக்கர இயக்க வண்டியை 'லோ' வரிசையில் முதல் கியரில் போட்டால் N நாற்பதை நெருங்கலாம். எஞ்சினின் நிலைமத் திருப்புத்திறன் 0.35, டயரின் ஆரம் 0.37 என்றால், எஞ்சின் மட்டுமே ஏறக்குறைய நான்கு டன்னாகக் கணக்கில் வரும். லோ வரிசை செங்குத்தான பாறையில் ஊர்ந்து ஏறுவதற்கு. அங்கே முடுக்கம் ஏறத்தாழ சுழியம் என்பதால் அந்த நான்கு டன் எதையும் தடுப்பதில்லை.

உங்கள் காரில் இதைச் சோதிக்க விரும்பினால், ஆளில்லாத சமதளச் சாலையில், முழு ஆக்சிலரேட்டரில், முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் அதே 3000 ஆர்பிஎம்மைக் கடக்கும்போது முடுக்கத்தை ஒப்பிடலாம். எஞ்சினின் திருப்பு விசை இரண்டிலும் ஒன்றே. சுழல் பாகங்களை மறந்துவிட்டால், முதல் கியரின் முடுக்கம் இரண்டாம் கியரைவிட 1.9 மடங்குக்குச் சற்று மேலாக இருக்க வேண்டும். மேலே சொன்ன எண்களின்படி கிடைப்பது சுமார் 1.6 மடங்குதான். போனின் முடுக்கமானியை மட்டும் இதற்கு நம்ப வேண்டாம். ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது காரின் மூக்கு உயர்கிறது. ஒவ்வொரு பாகைச் சாய்வும் ஈர்ப்பிலிருந்து 0.17 மீட்டர்/வினாடி²-ஐத் திருடி முடுக்கத்தில் சேர்த்துக் காட்டும். முதல் கியரில் மூக்கு அதிகமாக உயர்வதால், நாம் தேடும் குறைவையே அது ஓரளவு மறைத்துவிடும். பக்கத்தில் அமர்ந்திருப்பவர் ஆர்பிஎம் முள்ளைக் காணொளியாகப் பதிவு செய்து, 2500-இலிருந்து 3500 வரை எத்தனை ஃபிரேம்கள் ஆகின்றன என்று எண்ணி, அதற்குள் கூடிய கார் வேகத்தை அந்த நேரத்தால் வகுத்துக் கணக்கிடுவதே மேல்.