10 கேள்வி, ஒரு கோப்பி, 90 வினாடி

நம்ம சிங்கப்பூர்த் தமிழ்ச் சேனல்களில் 'ரேபிட் ஃபயர்' வீடியோ பெருகிவிட்டது. பலவற்றில் வேகம் இருக்கிறது, பதில்தான் காதில் விழுவதில்லை. வெட்டும் இடம் தப்பு என்பதே என் கட்சி. கோப்பி வகைகளைப் பற்றி ஒருவரிடம் 10 கேள்வி கேட்கும் 90 வினாடி வீடியோவை உதாரணமாக வைத்துக்கொள்வோம்.

தமிழில் வினை கடைசியில் வருகிறது. 'கோப்பி சி-யில் கண்டென்ஸ்டு மில்க் ஊற்ற...' வரைக்கும் போனாலும் ஊற்றுவார்களா மாட்டார்களா என்று தெரியாது. வேகத்துக்காக வாக்கிய வாலை நறுக்கினால் பதிலே போய்விடும். அதனால் பேசுபவர் விடையை முதலில் போட்டு உடைக்கட்டும்: "இல்லை, அது எவாப்பரேட்டட் மில்க்." கடைசி எழுத்து முழுசாக ஒலித்த பிறகு நாலைந்து ஃபிரேம் விட்டு வெட்டுங்கள். இழுவையைக் குறைக்க வேறு வழி உண்டு. அடுத்த கேள்வியின் குரலை, முந்தின படம் ஓடும்போதே அரை வினாடி முன்னால் நுழைத்துவிடலாம்.

10 கேள்விக்கும் சமமாக 8 வினாடி பங்கு வைக்காதீர்கள். 'கோப்பி ஓ-வில் பால் உண்டா?' என்பதற்கு 'கிடையாது, சீனி மட்டும்' போதும், 3 வினாடி. மிச்சம் பிடித்ததை விளக்கம் கேட்கும் ஒரு கேள்விக்குக் கொடுங்கள்.

இனி ரன்னிங் காமெடி. பேசுபவர் கோப்பியை வாய்க்குக் கொண்டுபோகும்போதெல்லாம் 'டிங்' என்று அடுத்த கேள்வி வந்து விழுகிறது என்று வையுங்கள். பத்துத் தடவையும் செய்தால் மூன்றாவதிலேயே சலித்துவிடும். 1, 2, 5, 8 முடிந்ததும் மட்டும் போதும். முதல் தடவை 2 வினாடி, பார்ப்பவருக்குப் புரிய வேண்டுமே. அப்புறம் ஒவ்வொன்றும் சுருங்கி, எட்டாவதில் கை கோப்பையைத் தொட்டதுமே 'டிங்'. பத்தாவதில் ஒருவழியாகக் குடிக்கிறார், முகம் கோணுகிறது: கொசோங், சீனியே இல்லை! இது எடுபட, கொசோங் என்றால் என்ன என்ற கேள்வி நாலாவதாகவே வந்திருக்க வேண்டும். ஆறு கேள்வி இடைவெளியில் அது பாதி மறந்திருக்கும், அதுதான் வேண்டியது. கேள்வி வரிசையை நகைச்சுவைதான் தீர்மானிக்கிறது. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

கோப்பைக் காட்சிகளை ஒரே மூச்சில் எடுத்துவிடுங்கள். குடிக்காத கோப்பி வெட்டுக்கு வெட்டு குறைந்தால் கமெண்டில் முதல் ஆள் அதைத்தான் பிடிப்பார். தொண்டை நனைக்கத் தனியாகத் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். ஐஸ் போட்ட 'பெங்' வேண்டவே வேண்டாம், கட்டி கரைவதே காட்டிக்கொடுக்கும்.

தேக்கா மாதிரி இடத்துக் கோப்பிக்கடையில் எடுத்தால், மின்விசிறி இரைச்சலும் கோப்பைச் சத்தமும் ஒவ்வொரு வெட்டிலும் குதிக்கும். காலர் மைக் மாட்டுங்கள். யாரும் பேசாமல் அந்த இடத்துச் சத்தத்தை மட்டும் ஒரு நிமிடம் பதிந்து, வீடியோ முழுக்க அடியில் மெல்ல ஓடவிடுங்கள். கடையில் பாட்டு ஓடினால் மட்டும் இது கைகொடுக்காது. வெட்டிய இடமெல்லாம் பாட்டும் துண்டு துண்டாகும், காப்புரிமைத் தொல்லை வேறு. கடை அண்ணன்கிட்டச் சொல்லி ரேடியோவை அணைத்துவிட்டுத்தான் கேமராவைத் தொட வேண்டும்.